குழந்தைக்குக் காய்ச்சலும் வாந்தியும்: அளவெடுப்பதிலிருந்து பள்ளிக்குத் திரும்ப அனுப்புவது வரை

நான் 12 வருடமாகக் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகள். டாக்டர் இல்லை, ஆனால் எங்கள் பகுதிக் குழந்தை டாக்டரிடம் கேட்டுக் கேட்டு, பெற்றோர் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிதாகச் சேரும் குடும்பங்களிடம் உட்கார்ந்து சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். இது டாக்டருக்குப் பதில் இல்லை. டாக்டரிடம் போகும் வரை என்ன செய்வது, எப்போது போவது, எப்போது பள்ளிக்கு அனுப்புவது, அவ்வளவுதான்.

வரிசையை மாற்றாதீர்கள். பெரும்பாலோர் முதலில் மருந்தை ஊற்றிவிட்டு அப்புறம் தெர்மாமீட்டரைத் தேடுகிறார்கள், அதனால்தான் மறுநாள் டாக்டர் கேட்கும் கேள்வி எதற்கும் பதில் இருப்பதில்லை.

## 1. குழந்தை நன்றாக இருக்கும்போதே எடுத்து வைக்க வேண்டியவை

இரவு பதினொரு மணிக்கு மெடிக்கல் ஷாப் மூடியிருக்கும். அதனால் இவை முன்கூட்டியே வீட்டில் இருக்கட்டும்.

டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று. நெற்றிக்கு நேரே நீட்டும் துப்பாக்கி மாதிரியானது வேண்டாம், ஃபேன் காற்றில், வெயிலில் இருந்து வந்த பிறகு என்று ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் காட்டும். 5 மில்லி ஊசியில்லாத சிரிஞ்ச் இரண்டு, ஒன்று தொலையும். பாராசிட்டமால் மட்டும் உள்ள சிரப் ஒன்று. ஓ.ஆர்.எஸ். பொடி பாக்கெட் நான்கு. ஒரு சின்ன நோட்டு, அதிலேயே கட்டி வைத்த பேனா.

எல்லாவற்றையும்விட முக்கியம் குழந்தையின் எடை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அங்கன்வாடியிலோ டாக்டரிடமோ எடை போட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் தேதியோடு எழுதுங்கள். மருந்தின் அளவு வயதைப் பார்த்துப் போடுவதல்ல, எடையைப் பார்த்துப் போடுவது. எங்களிடம் இரண்டரை வயதில் 9 கிலோ பிள்ளையும் இருக்கிறது, 15 கிலோ பிள்ளையும் இருக்கிறது. இரண்டுக்கும் "ஒரு மூடி" என்பது சரியாக வராது.

## 2. எண்ணைப் பார்ப்பதற்கு முன் பிள்ளையைப் பாருங்கள்

உடம்பு சுடுகிறது என்று தெரிந்ததும் ஒரு நிமிடம் குழந்தையை மட்டும் கவனியுங்கள். கீழே சொல்வதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், வண்டி இல்லையென்றால் 108.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆகவில்லை, ஆனால் காய்ச்சல் இருக்கிறது. அந்த வயதில் மற்ற எந்த அறிகுறியும் இல்லாமலேயே ரத்தத்தில் கிருமி இருக்கலாம், அதனால் மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்ற பேச்சே இல்லை. உடம்பு வழக்கத்தைவிடச் சில்லென்று இருந்து பால் குடிக்காமல் துவண்டிருந்தாலும் அதே அவசரம்தான்.

எழுப்பினால் சரியாக எழவில்லை, அல்லது எழுந்தும் உங்களைப் பார்க்காமல் வெறித்துப் பார்க்கிறது. மூச்சு விடும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறது. மூச்சு வேகமாக இருக்கிறதா என்று தெரிய, சட்டையைத் தூக்கிவிட்டு, குழந்தை அழாமல் இருக்கும்போது முழுசாக ஒரு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள்: ஒரு வயதுக்குள் 50க்கு மேல், ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40க்கு மேல் என்றால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்காதீர்கள், சின்னப் பிள்ளைகளின் மூச்சு ஒரே சீராக ஓடாது.

வாந்தி பச்சை நிறத்தில் வருகிறது, அல்லது ரத்தம் கலந்திருக்கிறது. கழுத்தை வளைக்க முடியவில்லை. அழுத்தினாலும் மறையாத சிவப்பு, ஊதாப் புள்ளிகள் தோலில் வருகின்றன. தலையில் அடிபட்ட பிறகு வாந்தி எடுக்கிறது. எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை. இவையும் அந்தப் பட்டியல்தான்.

இது எதுவும் இல்லை, பிள்ளை சோர்வாக இருந்தாலும் உங்கள் குரலுக்குத் திரும்பிப் பார்க்கிறது, தண்ணீர் கேட்கிறது என்றால், சரி, அடுத்த படிக்குப் போகலாம்.

## 3. அளவெடுப்பது

நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பது சந்தேகம் வருவதற்கு மட்டும். எண் வேண்டும்.

அக்குளைத் துணியால் ஒற்றி ஈரம் இல்லாமல் ஆக்குங்கள். தெர்மாமீட்டரின் நுனி சட்டையில் படாமல் தோலுக்கும் தோலுக்கும் நடுவே நிற்க வேண்டும். கையை மடக்கி, பிள்ளையை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள், சத்தம் வரும் வரை. குளித்தோ, போர்த்தித் தூங்கி எழுந்தோ இருந்தால் இருபது நிமிடம் விட்டுப் பாருங்கள்.

உடம்புக்குள்ளே 100.4 ஃபாரன்ஹீட் (38 செல்சியஸ்) இருந்தால் காய்ச்சல் என்பது கணக்கு. அக்குளில் அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும், அதனால் அக்குளில் 99.5 தாண்டினாலே காய்ச்சல் என்று எடுத்துக்கொள்கிறோம். சிலர் தாமாக ஒரு டிகிரி கூட்டி எழுதுகிறார்கள், வேண்டாம். தெர்மாமீட்டர் காட்டிய எண்ணையே எழுதி, பக்கத்தில் "அக்குள்" என்று எழுதுங்கள். டாக்டருக்கு அது போதும்.

நோட்டில் ஒரு வரி: நாள், மணி, எண். இந்த வரி இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள், ஏனென்றால் மருந்து உள்ளே போன பிறகு எடுக்கும் எண் எதையும் சொல்லாது.

## 4. பாராசிட்டமால்: பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள்

தவறு அதிகம் நடக்கும் படி இதுதான்.

பாராசிட்டமால் காய்ச்சலுக்குக் காரணமானதைக் குணப்படுத்தாது, சூட்டையும் உடம்பு வலியையும் கொஞ்ச நேரம் குறைக்கும், அதனால் பிள்ளை தண்ணீர் குடிக்கும், தூங்கும். அதற்காகத்தான் கொடுக்கிறோம். 100.6 இருந்தும் விளையாடிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு அவசரமாக ஊற்ற வேண்டியதில்லை. தூங்குகிற பிள்ளையை எழுப்பியும் கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு தடவைக்கு அளவு: எடை ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். 12 கிலோ பிள்ளைக்கு 12 × 15 = 180 மில்லிகிராம். இங்கே வரை எல்லோரும் சரியாகப் போடுகிறார்கள். சிக்கல் அடுத்த வரியில் இருக்கிறது, ஏனென்றால் கடையில் ஒரே மருந்து மூன்று அடர்த்தியில் கிடைக்கிறது. அந்த 180 மில்லிகிராம்:

- 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 7.5 மில்லி
- 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 3.6 மில்லி
- 1 மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்து என்றால் 1.8 மில்லி

சொட்டு மருந்து சின்ன பாட்டிலில், "கைக்குழந்தைக்கானது" என்ற பேச்சோடு வருவதால் அது லேசானது என்று நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு, மூன்றிலும் அடர்த்தி கூடியது அதுதான், கைக்குழந்தை கொஞ்சமாகக் குடித்தாலே போதும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். பெரிய பிள்ளைக்கு வாங்கிய சிரப் தீர்ந்துபோய், தங்கைக்கு வாங்கிய சொட்டு மருந்தை அதே ஏழரை மில்லி கொடுத்தால் 750 மில்லிகிராம் உள்ளே போய்விடும், நான்கு மடங்குக்கும் மேல். கல்லீரலைப் பாதிக்கும் மருந்து இது. அப்படி ஏதாவது நடந்துவிட்டால் பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காமல் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். முதல் நாள் ஒன்றும் தெரியாது, ஆனால் சீக்கிரம் போனால் மாற்று மருந்து இருக்கிறது.

அதனால் பாட்டில் வாங்கியதும் கணக்கைப் போட்டு, உங்கள் பிள்ளைக்கு எத்தனை மில்லி என்பதை ஒரு துண்டு பிளாஸ்திரியில் எழுதி பாட்டிலின் மேலேயே ஒட்டிவிடுங்கள். எடை கூடினால் மாற்றி ஒட்டுங்கள். வீட்டில் ஒரே அடர்த்தி மட்டும் இருக்கட்டும். டீஸ்பூனில் அளக்காதீர்கள், சிரிஞ்சில் அளந்து கன்னத்தின் உட்பக்கமாக மெதுவாக விடுங்கள், நேராகத் தொண்டையில் அடித்தால் புரையேறும், வாந்தியும் வரும்.

ஆறு மணி நேர இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். தாங்க முடியாமல் இருந்தால் நான்கு மணி நேரத்துக்குப் பிறகு கொடுக்கலாம், ஆனால் 24 மணி நேரத்தில் நான்கு தடவைக்கு மேல் கூடாது. கொடுத்த முப்பது நிமிடத்துக்குள் வாந்தி எடுத்தால் அதே அளவை ஒரு தடவை மறுபடி கொடுக்கலாம். அரை மணி தாண்டிவிட்டால் மருந்து உள்ளே போயிருக்கும், கொடுக்காதீர்கள். அம்மா ஏழு மணிக்கும், தெரியாமல் பாட்டி எட்டு மணிக்கும் கொடுப்பது கூட்டுக் குடும்பத்தில் சாதாரணமாக நடக்கிறது. நோட்டு அதற்காகவும்தான்.

பாட்டிலில் இன்னொன்றும் பாருங்கள். சளி, தும்மலுக்கென்று கொடுக்கும் சிரப் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும். அதையும் காய்ச்சல் சிரப்பையும் சேர்த்துக் கொடுத்தால் இரட்டை அளவு. அதேபோல் ஐபுப்ரோஃபென், மெஃபனாமிக் ஆசிட் கலந்த பாட்டிலைக் கடையில் "இது சீக்கிரம் இறக்கும்" என்று சொல்லித் தருவார்கள். டாக்டர் எழுதாமல் வாங்காதீர்கள். டெங்குவாக இருந்தால் அவை ரத்தக் கசிவைக் கூட்டும், வாந்தியில் நீர் வற்றியிருந்தால் சிறுநீரகத்தையும் பாதிக்கும். ஆஸ்பிரின் எந்தக் காய்ச்சலுக்கும் பிள்ளைகளுக்குக் கிடையாது. நிமசுலைடை 12 வயதுக்குக் கீழே கொடுக்க 2011லேயே தடை போட்டுவிட்டார்கள்.

## 5. காய்ச்சலோடு இருக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது

மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும். குளிர்கிறது என்று நடுங்கினால் ஒரு போர்வை, நடுக்கம் நின்றதும் எடுத்துவிடுங்கள். ஸ்வெட்டர், சாக்ஸ், குல்லா எல்லாம் போட்டுக் கட்டிவைத்தால் சூடு வெளியே போக வழியில்லாமல் எண் ஏறும். ஃபேன் ஓடலாம்.

ஈரத்துணி போட்டுத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. போடுவதென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் உடம்பைத் துடைத்துவிடுங்கள், பிள்ளைக்குப் பிடிக்கவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், தோலில் உள்ள ரத்தக் குழாய் சுருங்கி, பிள்ளை நடுங்கி, உள்ளே சூடு கூடத்தான் செய்யும்.

சாப்பாட்டுக்குக் கட்டாயப்படுத்தாதீர்கள், தண்ணீருக்கு மட்டும் விடாமல் கேளுங்கள். தாய்ப்பால், கஞ்சி, மோர், இளநீர் எதுவானாலும் சரி. ஆறு மாதத்துக்குள் இருந்தால் தாய்ப்பாலையே அடிக்கடி. "பல் முளைக்கிறது, அதான்" என்று காய்ச்சலை விட்டுவிடாதீர்கள். பல் முளைக்கும்போது எச்சில் ஒழுகும், எரிச்சலாக இருக்கும், உடம்பு லேசாகக் கதகதப்பாகவும் இருக்கலாம், ஆனால் 101 வருவதற்குப் பல் காரணமில்லை.

ஜன்னி பற்றி. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலில் வெட்டு வரும். பார்க்க மிகவும் பயமாக இருக்கும், கண் மேலே சொருகும், கை கால் இழுக்கும். தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கையில் இரும்புச் சாவியைத் திணிக்காதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள், கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் சில நிமிடத்தில் தானாக நின்றுவிடும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. சீக்கிரம் நின்றுவிட்டாலும் முதல் தடவை வந்ததென்றால் அன்றே டாக்டரிடம் காட்டியாக வேண்டும்.

## 6. வாந்தி: பத்து நிமிடம் சும்மா இருங்கள்

வாந்தி எடுத்ததும் எல்லோரும் செய்வது, வாயைக் கழுவிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பது. பிள்ளையும் தாகத்தில் மடமடவென்று குடிக்கும், ஐந்தாவது நிமிடம் அதுவும் வெளியே வரும். அப்புறம் "எது கொடுத்தாலும் நிற்கவில்லை" என்று பயந்துபோய் எதுவுமே கொடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் நிற்காமல் போனது தண்ணீரால் இல்லை, அவசரத்தால்.

எரிச்சலில் இருக்கும் இரைப்பை, ஒரே தடவையில் வந்து விழும் 150 மில்லியைத் தள்ளிவிடும். 5 மில்லியை விட்டுவிடும். அதனால் முதலில் பத்து நிமிடம் எதுவும் கொடுக்காதீர்கள். அப்புறம் சிரிஞ்சில் 5 மில்லி ஓ.ஆர்.எஸ். இரண்டு மூன்று நிமிடம் கழித்து இன்னொரு 5 மில்லி. இப்படியே ஒரு மணி நேரம் போனால் 100 மில்லிக்கு மேல் உள்ளே போயிருக்கும். நடுவில் வாந்தி வந்தால் மறுபடி பத்து நிமிடம், மறுபடி 5 மில்லியிலிருந்து. ஒரு மணி நேரம் வாந்தியில்லாமல் போனால் 10 மில்லி, 15 மில்லி என்று கூட்டலாம். கை வலிக்கும், தூக்கம் வரும், வீட்டில் இன்னொருவர் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் டம்ளருக்கு மட்டும் போகாதீர்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பாலை நிறுத்த வேண்டாம், கொஞ்ச நேரம் மட்டும், அடிக்கடி.

கரைக்கும் விதம் பற்றி ஒரு வார்த்தை. பாக்கெட்டின் பின்னால் 1 லிட்டருக்கா 200 மில்லிக்கா என்று போட்டிருக்கும். 1 லிட்டர் பாக்கெட்டில் பாதியை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உப்பு மிகுந்துபோன தண்ணீர், வயிற்றுப்போக்கை இன்னும் கூட்டும், உடம்பில் சோடியத்தையும் ஏற்றும். 1 லிட்டர் பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் பாட்டிலில் கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றி முழுப் பாக்கெட்டையும் கொட்டுங்கள், 24 மணி நேரத்தில் மீதியைக் கீழே ஊற்றிவிடுங்கள். சர்க்கரை, ஜூஸ் எதையும் சேர்க்காதீர்கள்.

கடையில் அட்டைப் பெட்டியில் ஸ்ட்ராவோடு கிடைக்கும் பழ ருசிப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். இல்லை. அந்தப் பெயரை ஒட்டி விற்றுக்கொண்டிருந்ததை 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நிறுத்தச் சொல்லியது. அவற்றில் சர்க்கரை மிக அதிகம், உப்பு குறைவு. அந்தச் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்து வயிற்றுப்போக்கைக் கூட்டும். மெடிக்கல் ஷாப்பில் "உலக சுகாதார நிறுவன அளவில் உள்ள பொடி பாக்கெட்" என்று கேட்டு வாங்குங்கள். பாக்கெட்டே கிடைக்காத இரவில், ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்பு இதைத் தாண்டவே கூடாது.

வயிற்றுப்போக்கும் சேர்ந்தால், ஒவ்வொரு தடவை போன பிறகும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, இரண்டு வயதுக்கு மேல் 100 முதல் 200 மில்லி ஓ.ஆர்.எஸ். இதோடு 14 நாள் துத்தநாக மாத்திரை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு நின்றதும் இதையும் நிறுத்திவிடுகிறார்கள், 14 நாளும் கொடுக்க வேண்டும், அடுத்த சில மாதத்தில் மறுபடி வராமல் இருக்க உதவுவது அந்த முழுக் கணக்குதான்.

குடல் ஏற்றம் தட்டுவது பற்றிக் கேட்பார்கள். வாந்தி எடுக்கிற பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்து வயிற்றை நீவாதீர்கள். வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகலாம், உள்ளே உண்மையாகவே குடல் மடங்கியிருந்தால் நேரம் வீணாகிப் பெரிய ஆபத்தாகிவிடும். அலை அலையாக வலி வந்து காலை மடக்கிக்கொண்டு வீறிட்டு அழுது, நடுவில் துவண்டு, மலத்தில் ரத்தமும் சளியும் வந்தால் அது அந்த மாதிரியான நிலை. அது அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்கு உரியது. போன தடவை எழுதிக் கொடுத்து மிச்சமிருக்கும் வாந்தி சிரப்பையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

## 7. எப்போது டாக்டர், எதைக் கவனித்துக்கொண்டே இருப்பது

இரண்டாவது படியில் சொன்னவை உடனடி. மற்றபடி, மூன்றிலிருந்து ஆறு மாதக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அன்றே. அதற்கு மேற்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் 48 மணி நேரம் தாண்டினால். வாந்தி, ஒரு வயதுக்குள் 12 மணி நேரம், அதற்கு மேல் 24 மணி நேரம் நிற்காவிட்டால்.

நீர் வற்றுகிறதா என்பதை நான் டயப்பரில் பார்க்கிறேன். காலையில் எழுந்ததிலிருந்து மதியம் வரை டயப்பர் எடை கூடவேயில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, நாக்கைத் தொட்டால் ஒட்டுகிறது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் திரும்புகிறது என்றால் ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே கிளம்புங்கள், வண்டியிலும் நிறுத்தாதீர்கள்.

மழைக்காலத்தில், முக்கியமாக அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, நம் ஊரில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். டெங்குவில் ஆபத்தான நேரம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது இல்லை, அது இறங்கும்போது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விட்டதும் வீட்டில் எல்லோரும் பெருமூச்சு விட்டு மறுநாளே பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள், அந்த ஒன்றிரண்டு நாளில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து பிள்ளை சரியும். காய்ச்சல் விட்டதும் விளையாடத் தொடங்கினால் நல்லது. காய்ச்சல் விட்டும் பிள்ளை இன்னும் துவண்டு, வயிறு வலிக்கிறது என்று சொல்லி, விடாமல் வாந்தி எடுத்து, கை கால் சில்லிட்டு, ஈறிலோ மூக்கிலோ ரத்தம் தெரிந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

## 8. வீட்டில் வைத்திருப்பது: மூன்று கணக்கு

பெற்றோரோடு எனக்கு வாக்குவாதம் வருவது இங்கேதான், அவர்கள் நிலைமையும் எனக்குப் புரியும். லீவு இல்லை, மேனேஜர் கேட்பார், பாட்டி ஊரில் இருக்கிறார். ஆனால் காலை ஆறரைக்கு மருந்து கொடுத்து எட்டரைக்கு விட்டுவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதை நான் பார்க்கிறேன். பத்து மணி வரை நன்றாக இருக்கும். பதினொன்றரைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல், சுவரில் கன்னத்தை ஒட்டிவைத்து உட்கார்ந்திருக்கும், சுவர் சில்லென்று இருக்கிறதே அதனால். அளந்தால் 102. அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்த ஏழு பிள்ளைகளோடு அதே பொம்மையைத் தொட்டிருக்கும்.

காய்ச்சல் கணக்கு: பாராசிட்டமால் கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். கடைசி மருந்தின் வேலை முடிய ஆறு மணி நேரம் விட்டு அங்கிருந்து எண்ணத் தொடங்குங்கள்.

வாந்தி, வயிற்றுப்போக்குக் கணக்கு: கடைசித் தடவையிலிருந்து குறைந்தது 24 மணி நேரம் என்று பல பள்ளிகளில் வைத்திருக்கிறார்கள். நான் 48 மணி நேரம் கேட்கிறேன், ஏனென்றால் நின்ற பிறகும் மலத்தில் கிருமி போய்க்கொண்டிருக்கும், டயப்பர் போடும் வயதில் அது பரவாமல் தடுக்க முடியாது.

மூன்றாவது பிள்ளையின் தெம்பு: வழக்கம்போலச் சாப்பிட்டு, ஓடியாடி, நாள் முழுக்கத் தாக்குப் பிடிக்குமா என்பது. மூன்றில் எது கடைசியில் முடிகிறதோ அதுதான் திரும்பும் நாள்.

அம்மை மாதிரியானவற்றுக்குத் தனிக் கணக்கு. சின்னம்மை என்றால் எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை. தட்டம்மை என்றால் தடிப்பு வந்ததிலிருந்து நான்கு நாள். பொன்னுக்கு வீங்கி என்றால் வீக்கம் வந்ததிலிருந்து ஐந்து நாள். வெறும் மூக்கொழுகல், காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறது என்றால் அனுப்புங்கள், அதற்கெல்லாம் நிறுத்தினால் முதல் வருடம் முழுக்க வீட்டில்தான் இருக்க வேண்டும்.

## 9. ஒரு பிள்ளையின் நோட்டு

இரண்டரை வயது, 12 கிலோ. போன வருடம் ஓர் அம்மா எழுதி வந்து காட்டியது, அவர் அனுமதியோடு சொல்கிறேன்.

செவ்வாய் மாலை 7 மணி, 101.6, 120 சிரப் 7.5 மில்லி. இரவு 8.30 வாந்தி. மருந்து கொடுத்து ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டதால் மறுபடி கொடுக்கவில்லை, சரியாகச் செய்திருக்கிறார். 8.40லிருந்து 5 மில்லி ஓ.ஆர்.எஸ். 10.40க்கு மறுபடி வாந்தி, மறுபடி முதலிலிருந்து. நடு இரவில் தொட்டால் சுட்டது, ஆனால் தூங்கியதால் எழுப்பவில்லை. புதன் அதிகாலை 2 மணிக்குக் கடைசி வாந்தி. காலை 6 மணி, 101.8, 7.5 மில்லி. 6.20க்குச் சிறுநீர், மஞ்சள் அதிகம், ஆனால் போனது. மதியத்துக்குள் இரண்டு தடவை வயிற்றுப்போக்கு, ஒவ்வொன்றுக்கும் 100 மில்லி. மாலை டாக்டர். நோட்டைப் பார்த்து இரண்டே கேள்விதான் கேட்டாராம். ஆன்டிபயாட்டிக் எழுதவில்லை, துத்தநாகம் மட்டும்.

வியாழன் காலை 5 மணிக்குக் கடைசிப் பாராசிட்டமால். 11 மணிக்கு 98.4, அதன் பிறகு ஏறவில்லை. வெள்ளிக்கிழமை காலை எனக்குப் போன் செய்து "காய்ச்சல் விட்டாச்சுங்க, இன்னைக்கு அனுப்பவா?" என்று கேட்டார்.

காய்ச்சல் கணக்கு: வியாழன் 11 மணியிலிருந்து 24 மணி நேரம், வெள்ளி 11க்கு முடிகிறது. வாந்தி கணக்கு: புதன் 2 மணியிலிருந்து 48, வெள்ளி அதிகாலையே முடிந்துவிட்டது. ஆனால் வயிற்றுப்போக்கு கடைசியாக எப்போது என்று கேட்டேன். வெள்ளி காலை 6 மணிக்கு ஒரு தடவை தண்ணியாகப் போயிருக்கிறது. அதிலிருந்து 48 என்றால் ஞாயிறு காலை. திங்கட்கிழமை வந்தாள், டப்பாவில் இரண்டு இட்லி, இரண்டையும் முடித்தாள்.

## 10. வீட்டில் மற்றவர்களுக்கு, திரும்ப அனுப்பும்போது

வாந்தி, வயிற்றுப்போக்குக் கிருமிக்குக் கையில் தடவும் சானிட்டைசர் போதாது, சோப்புப் போட்டு இருபது நொடி கழுவ வேண்டும், டயப்பர் மாற்றிய பிறகும் சாப்பாட்டில் கை வைப்பதற்கு முன்பும். வாந்தி பட்ட தரையை முதலில் பேப்பரால் ஒற்றி எடுத்துவிட்டு அப்புறம் பிளீச்சிங் கரைசலால் துடையுங்கள், நேரே மாப் போட்டால் வீடு முழுக்கப் பூசினது மாதிரிதான்.

திங்கட்கிழமை பிள்ளையை விடும்போது டீச்சரிடம் நான்கு விஷயம் சொல்லுங்கள்: கடைசிக் காய்ச்சல் எப்போது, கடைசி வாந்தி அல்லது வயிற்றுப்போக்கு எப்போது, இன்னும் என்ன மருந்து ஓடுகிறது, பகலில் எந்த எண்ணுக்குப் போன் செய்தால் எடுப்பீர்கள். மருந்தைப் பையில் போட்டு "மதியம் கொடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். பாட்டிலின் மேல் ஒட்டிய துண்டில் பெயர், மில்லி, மணி மூன்றும் இருந்தால்தான் நாங்கள் வாங்குவோம்.